முப்பது டிகிரி எண்ணெய்

பேராசிரியர் மூலூத் ஹம்தானி சொந்தமாக ஒரு கணக்கு யோசித்துக் குறைந்தது பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். இது ஃபெரூஜாவின் கணிப்பு. அவள் அந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கச் சேர்ந்த வருஷம் இரண்டாமாண்டுத் தேர்வின் மூன்றாவது கேள்வியில் ஒரு பீப்பாய் ஆலிவ் எண்ணெய் கிடங்கில் ஆறிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷம் கழித்து இந்த ஜூனிலும் அதே பீப்பாய், அதே கிடங்கு, அதே மூன்றாவது கேள்வி. இடையில் அல்ஜீரியா முழுக்க எத்தனையோ மாறிவிட்டது. அந்த எண்ணெய் மட்டும் ஆறியபாடில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், பையன்களுக்கும் பெண்களுக்கும் அது தெரியும். கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரன் பழைய கேள்வித்தாள்களை விடையோடு சேர்த்துக் கட்டாகக் கட்டி விற்கிறான். வாங்கி உருப்போட்டுவிட்டு வந்து அப்படியே கக்கிவிட்டுப் போவார்கள். எண்களை மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாற்றிவிட்டால் போதும், அது புதுக் கேள்வி என்று பேராசிரியர் நம்பிக்கொண்டிருந்தார். அவர் இப்படிக் கேட்பதும், அவர்கள் அப்படி எழுதுவதும், நடுவில் தான் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு எழுபத்தேழு தாள் திருத்துவதும் என்று ஃபெரூஜாவுக்கு எல்லாரையும் நினைத்தாலே குமட்டிக்கொண்டு வரும்.

அன்று தாள் பார்க்கும் நாள். திருத்திய தாளைப் பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்த்து, மதிப்பெண் குறைந்திருந்தால் முறையிடலாம். நீளமான வகுப்பறை, ஒரு மேஜை, மேஜையில் தாள் கட்டு, சுவரில் பேராசிரியரின் விடைக்குறிப்பு ஒட்டியிருந்தது. ஃபெரூஜா ஒரு நாற்காலியில். பக்கத்தில் இயற்பியல்காரன் அப்துன்னூர், துணைக்கு வந்தவன், பேரீச்சம்பழ பிஸ்கட்டைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். பேராசிரியர் எதிர் அறையில். அவருக்கு மதியம் தலைநகருக்குப் போகவேண்டும். அதைக் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார்.

"மேடம், எனக்கு அரை மார்க் குறையுது."

"எதுல?"

"எதுலன்னு தெரியல. ஆனா குறையுது."

"வீட்டுல தேடிப் பாரு. இங்க இல்ல."

இப்படி ஒரு மணி நேரம். ஒருவன் தொகையிட்ட பிறகு மாறிலி போட மறந்துவிட்டு, மனசுக்குள் போட்டதாகச் சொன்னான். இன்னொருத்தி அழுதாள். அழுகைக்கு மதிப்பெண் பட்டியலில் இடம் இல்லை என்று ஃபெரூஜா சொன்னதும் அழுகை நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் இப்படித்தான் பேசுவாள். பேசிவிட்டு வருத்தப்படுகிற வழக்கமும் கிடையாது.

பதினொன்றரைக்கு தஸ்ஸாதித் வந்தாள். உயரமான பெண், இருபத்துமூன்று வயதிருக்கும், கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். இந்தப் பாடத்தை மூன்றாவது தடவையாக எழுதுகிறாள். மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், வேறு பேச்சு கிடையாது. அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். இருபதுக்குப் பத்து எடுத்தால் தேர்ச்சி. அவளுக்கு ஆறு.

தாளை எடுத்துக்கொடுத்தாள் ஃபெரூஜா. தஸ்ஸாதித் முதல் இரண்டு கேள்விகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மூன்றாவது கேள்வியைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். அங்கே ஏழுக்குப் பூஜ்யம். பக்கத்தில் சிவப்பில், ஃபெரூஜாவின் கையெழுத்தில், 'கணக்கு எங்கே? இது காப்பிக்கடை இல்லை' என்றிருந்தது.

அப்துன்னூர் எட்டிப் பார்த்து, வாயில் பிஸ்கட்டோடு சிரித்தான். "அட, இது அந்தத் தாள்தானே? 'எண்ணெய் ஆறாது'! அன்னிக்கு ஸ்டாஃப் ரூம்ல நீ எங்களுக்கு வாசிச்சுக் காட்டினியே, ஃபெரூஜா. அமீன் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிப்போனான்."

தஸ்ஸாதித் அவனைப் பார்த்தாள். பிறகு ஃபெரூஜாவைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏழுக்கு ஏன் பூஜ்யம்?"

"நீ ஒண்ணுமே செய்யலயே. வகைக்கெழுச் சமன்பாடு குடுத்திருக்கு. எண்ணெயோட வெப்பம் T-யை ஒரு பக்கம், நேரம் t-யை ஒரு பக்கம் பிரிக்கணும். அதுக்கு ஒரு மார்க். ரெண்டு பக்கமும் தொகையிடணும். அதுக்கு ரெண்டு. தொடக்க நிபந்தனையைப் போட்டு மாறிலி கண்டுபிடிக்க ஒண்ணு, விடைக்கு ஒண்ணு, (ஆ) பகுதிக்கு, வித்தியாசம் பாதியாகற நேரத்துக்கு, ரெண்டு. நீ பிரிச்சியா? தொகையிட்டியா? மூணு வரி கதை எழுதி வச்சிருக்க. மூணு வருஷமா இதே வகுப்புல உக்காந்திருக்க, இன்னும் பிரிக்கத் தெரியலன்னா நான் என்ன செய்ய?"

"பிரிக்கத் தெரியும் மேடம்."

"தெரிஞ்சவ ஏன் பிரிக்கல?"

"எதால வகுத்துப் பிரிக்கறது?"

என்ன திமிர் என்று நினைத்தாள் ஃபெரூஜா. நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி, குழந்தைக்குச் சொல்வதுபோல, கேள்வியை விரலால் தட்டினாள். "dT/dt = −2(T − 30). இந்த T − 30-ஆல ரெண்டு பக்கமும் வகுக்கணும்."

"சரி. தொடக்கத்துல T எவ்வளவு மேடம்?"

ஃபெரூஜா பதில் சொல்வதற்காக அடுத்த வரியைப் பார்த்தாள். T(0) = 30.

இன்னொரு தடவை பார்த்தாள்.

கிடங்கின் வெப்பம் முப்பது. பீப்பாயில் ஊற்றிய எண்ணெயின் வெப்பம் முப்பது. T − 30 என்பது தொடக்கத்திலேயே பூஜ்யம். எழுபத்தாறு பேர் பூஜ்யத்தால் வகுத்திருக்கிறார்கள். அதற்கு ஆளுக்கு ஒரு மார்க் இவளே அள்ளிக் கொடுத்திருக்கிறாள்.

தஸ்ஸாதித் எழுதியிருந்தது இதுதான்: 'கிடங்கும் முப்பது, எண்ணெயும் முப்பது. T = 30 என்ற மாறாத விடையைப் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் பூஜ்யம், வலப்பக்கம் பூஜ்யம், தொடக்கமும் பொருந்துகிறது. இந்தத் தொடக்கத்துக்கு ஒரே தீர்வுதான் உண்டு, அது இதுதான். T − 30 பூஜ்யம் என்பதால் வகுக்கக் கூடாது. எண்ணெய் ஆறாது. (ஆ) வித்தியாசமே இல்லை, பாதியாவது எப்போது என்ற கேள்விக்குப் பொருள் இல்லை.'

அன்று ஸ்டாஃப் ரூமில் இதை வாசித்துக் காட்டினபோது 'எண்ணெய் ஆறாது' என்ற வரியைத்தான் ஃபெரூஜா வாசித்தாள். மற்றதை வாசிக்கவில்லை. மற்றதைப் படித்தாளா என்பதே இப்போது நினைவில்லை.

"அப்துன்னூர், போய் ஸி மூலூதைக் கூட்டிட்டு வா" என்றாள். பேராசிரியரை எல்லாரும் மரியாதைக்கு 'ஸி' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு குதூகலம். மாட்டினான் கிழவன் என்றுதான் முதலில் தோன்றியது. பதினோரு வருஷமாக அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் வயிற்றிலேயே வைத்திருந்தது எல்லாம் ஒரே வரியில் சுவரில் ஒட்டியிருக்கிறது, அவர் கையெழுத்தோடு.

பேராசிரியர் கோட்டை மாட்டிக்கொண்டே வந்தார். வெயிலிலும் கோட். "என்ன, இங்க என்ன கலாட்டா? சீக்கிரம் சொல்லுங்க, கார் நிக்குது."

ஃபெரூஜா சொன்னாள். அவர் கேள்வியைப் பார்த்தார், விடைக்குறிப்பைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். பிறகு, முப்பது வருஷம் மேடையேறிய மனுஷர் அல்லவா, சிரித்தார்.

"இதுல என்ன தப்பு? ln|T − 30| = −2t + C. அதுலேர்ந்து T = 30 + K e⁻²ᵗ. தொடக்கத்தைப் போட்டா K = 0. T = 30. முறை வேலை செஞ்சிடுச்சு. இந்தப் பொண்ணு சொல்ற விடைதான் வருது. அவ முறையைக் காட்டல, நாங்க காட்டினோம்."

"K எப்படி பூஜ்யம் ஆகும் ஸி மூலூத்?" என்றாள் ஃபெரூஜா. "ln-ஐ நீக்கினா K-ங்கறது கூட்டல் அல்லது கழித்தல் e-யின் C அடுக்கு. அது என்னிக்கும் பூஜ்யம் ஆகாது. K = 0-ங்கறதைத் தனியாப் பாத்துத்தான் சேத்துக்கணும், வகுக்கறதுக்கு முன்னாடியே. அந்தத் தனியாப் பாக்கறதைத்தான் இவ எழுதியிருக்கா."

"பாடப் புத்தகத்துல எல்லாம் K எதுவாவும் இருக்கலாம்னுதான் போட்டிருக்கும்."

"தனியாப் பாத்துட்டுத்தான் போட்டிருக்கும்."

பேராசிரியர் ஃபெரூஜாவை விட்டுவிட்டுத் தஸ்ஸாதித் பக்கம் திரும்பினார். பிள்ளைகளை மிரட்டுவது அவருக்குச் சுலபம். "ஏம்மா, நீ மூணாவது தடவை எழுதறவதானே? கூட எழுதின எழுபத்தாறு பேருக்குத் தெரியாதது உனக்கு மட்டும் தெரிஞ்சிடுச்சா?"

"அதை விடுங்க ஸார். (ஆ) பகுதியைப் பாப்போம்" என்றாள் தஸ்ஸாதித். குரலை உயர்த்தவே இல்லை. "எண்ணெய்க்கும் கிடங்குக்கும் உள்ள வித்தியாசம் பாதியாக எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டிருக்கீங்க. சுவத்துல விடை ln 2 / 2 மணி நேரம். கிட்டத்தட்ட இருபத்தொரு நிமிஷம்."

"ஆமா."

"இருபத்தொரு நிமிஷம் கழிச்சு எண்ணெய் எவ்வளவு இருக்கும் ஸார்?"

"பாதி வித்தியாசம். அதாவது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"முப்பதுக்கும் முப்பதுக்கும் நடுவுல" என்றாள் தஸ்ஸாதித். "முப்பது. சரி, முதல் நிமிஷம் எவ்வளவு இருந்துச்சு?"

பேராசிரியர் சுவரில் இருந்த விடைக்குறிப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு எவ்வளவு இருக்கும்? அடுத்த வருஷம்?"

அப்துன்னூர் காப்பிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

விடைக்குறிப்பில் அந்த இருபத்தொரு நிமிஷம் எப்படி வந்தது என்று ஃபெரூஜாவுக்கு இப்போது பளிச்சென்று தெரிந்தது. போன வருஷக் கேள்வியில் கிடங்கு இருபது, எண்ணெய் முப்பது. விடை T = 20 + 10e⁻²ᵗ. பத்து, ஐந்தாகவேண்டும். 10e⁻²ᵗ = 5, இரண்டு பக்கமும் பத்தால் வகுத்தால் e⁻²ᵗ = 1/2, அங்கிருந்து ln 2 / 2. எந்த எண்ணைப் போட்டாலும் அந்தப் பத்து அடிபட்டுப் போகும், விடை மாறாது. அதனால் பேராசிரியர் விடைக்குறிப்பில் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டார். இந்த வருஷம் பத்து இருந்த இடத்தில் பூஜ்யம். பூஜ்யத்தையும் அடித்துவிட்டார். எழுபத்தாறு பேரும் 0·e⁻²ᵗ = 0/2 என்று எழுதி, பூஜ்யத்தை அழகாகக் கோடு போட்டு அடித்து, இருபத்தொரு நிமிஷத்தில் ஆறாத எண்ணெயை ஆறவைத்திருந்தார்கள். மூன்று பேர் அது ஆறுகிற வளைவைப் படம்கூடப் போட்டிருந்தார்கள். படத்துக்கு இவள் பக்கத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தாள்.

"டைப் அடிக்கிற வஸீலா பண்ணின வேலை" என்றார் பேராசிரியர். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். "போன வருஷம் இருபது, நல்லா ஞாபகம் இருக்கு. இந்த வருஷம் அவ முப்பதுன்னு அடிச்சிட்டா. படிக்காத பொம்பளைகிட்ட வேலையைக் குடுத்தா இப்படித்தான். அவளை அப்புறம் கவனிச்சுக்கறேன்."

வஸீலா அங்கே இல்லை. அவள் மாடியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஃபெரூஜாவின் குதூகலம் அந்த இடத்தில் அறுந்தது. ஏனென்றால் அவளுக்கு ஒரு மாலை நினைவு வந்தது. மே மாதம், அவள் வீட்டு அடுப்படி, அடுப்பில் பருப்புச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் போனில் சொன்னார்: ஃபெரூஜா, போன வருஷத் தாளை எடுத்துக்கோ, எண்ணை மட்டும் கொஞ்சம் மாத்திடு. அவளுக்கு எரிச்சலாக வந்தது. பழைய தாளை ரொட்டிப் பலகைமேல் வைத்தாள். ஜூன் மாத வெயிலில் எந்தக் கிடங்கு இருபது டிகிரி இருக்கும், கிழவனுக்கு அதுகூடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே இருபதை அடித்து முப்பது என்று எழுதினாள். கீழே இருந்த தொடக்க நிபந்தனையைப் பார்க்கவில்லை. அவரை இளக்காரமாக நினைப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியை எடுத்திருந்தால்கூடப் போதும், பார்த்திருக்கலாம். சூப் பொங்கியது, எழுந்து போய்விட்டாள்.

இது பேராசிரியருக்கு மறந்துவிட்டது. வஸீலா அடித்த பிறகு பழைய தாள் குப்பைக்குப் போய்விட்டது. இந்த உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"சரி, இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார் பேராசிரியர். "கேள்வி தப்பு. தப்பான கேள்வியை ரத்து பண்றது வழக்கம். மூணாவது கேள்வியை எடுத்துடுவோம். மிச்சம் பதிமூணு மார்க், அதை இருபதுக்கு ஏத்திக்குவோம். எல்லாருக்கும் ஒரே நியாயம். யாரும் வாசலுக்குப் பூட்டுப் போட்டுக்கிட்டு கோஷம் போட வேண்டாம்."

பெருந்தன்மையாகச் சொன்னார். வாசலுக்குப் பூட்டுப் போட்டுப் போராட்டம் நடந்தால் டீன் இவரைத்தான் கூப்பிடுவார், அந்தப் பயம். ரத்து என்றால் விடைக்குறிப்பைச் சுவரிலிருந்து சத்தமில்லாமல் கிழித்துவிடலாம்.

தஸ்ஸாதித் ஒரு கணம் ஹெல்மெட்டைப் பார்த்தாள். "பதிமூணுக்கு ஆறு" என்றாள். "இருபதுக்கு ஏத்தினா ஒன்பதே கால்கூட வராது. ஒன்பது புள்ளி ரெண்டு மூணு."

"நான் என்னம்மா செய்யறது? மத்த கேள்வியை நல்லா எழுதியிருக்கணும்."

"அப்போ நான் ஃபெயில்."

"கணக்கு அப்படிச் சொல்லுது."

அந்த அறையில் அந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவள் ஒருத்திதான். அவளைத்தான் வெளியே அனுப்பப்போகிறார்கள், நியாயத்தின் பேரில். பூஜ்யத்தால் வகுத்த எழுபத்தாறு பேரும் அடுத்த வருஷம் மூன்றாமாண்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

தஸ்ஸாதித் கெஞ்சவில்லை, அழவில்லை. ஃபெரூஜா அவளிடமிருந்து ஒரு வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தாள். வந்திருந்தால் அவளையும் இளக்காரமாக நினைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பெண் தாளை மடித்து மேஜைமேல் வைத்தாள், ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றினாள்.

"கேள்வி தப்பில்ல" என்றாள் ஃபெரூஜா.

"என்ன?" என்றார் பேராசிரியர்.

"கேள்வி சரியாத்தான் இருக்கு. ஒரு சமன்பாடு, ஒரு தொடக்க நிபந்தனை. தீர்வு உண்டா? உண்டு. ஒண்ணுதானா? ஒண்ணுதான். அப்புறம் எதுல தப்பு? நம்ம விடைக்குறிப்புதான் தப்பு. ரெண்டாவது பகுதிக்கு 'பொருள் இல்ல'ங்கறதுதான் பதில், அதையும் இவ எழுதியிருக்கா. கேள்வி போட்டவ முட்டாளா இருந்தா கேள்வி தப்பாயிடாது."

"போட்டவளா? யாரு, வஸீலாவா?"

"வஸீலா இல்ல. நான்தான் மாத்தினேன். இருபதை அடிச்சு முப்பதுன்னு எழுதினது நான். வேணும்னு மாத்தல, பாக்காம மாத்தினேன். வஸீலா நான் எழுதினதைப் பிசகாம அடிச்சா. இந்த வேலையில ஒழுங்காச் செஞ்சது ரெண்டே பேர், அவளும் இந்தப் பொண்ணும்."

அப்துன்னூர் பிஸ்கட்டைக் கீழே வைத்தான்.

பேராசிரியர் ஃபெரூஜாவை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை. ஃபெரூஜா நிரந்தர ஊழியர் இல்லை. வருஷா வருஷம் செப்டம்பரில் அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு அடுத்த வருஷ வகுப்பு.

"அப்போ எழுபத்தாறு பேருக்கும் மார்க்கைக் குறைக்கணும்ங்கற?"

"முறையிட்டவங்க தாளை மட்டும்தான் மறுபடி திருத்தணும்னு விதி. இந்தக் கேள்விக்கு முறையிட்டது இவ ஒருத்திதான். மத்தவங்களைத் தொடவேண்டாம். ஆனா சுவத்துல இருக்கறது போய் சரியானது வரணும். நான் எழுதித் தரேன்."

"நீ எழுதித் தரியா." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீதானே ஏழுக்குப் பூஜ்யம் போட்ட? 'காப்பிக்கடை இல்ல'ன்னு எழுதினது யாரு, நானா? பதினோரு வருஷமா என் கேள்வியைப் பாத்து மூக்கைச் சுளிக்கற. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஒரு எண்ணை மாத்தச் சொன்னா அதைக்கூட ஒழுங்கா மாத்தத் தெரியல."

"தெரியல" என்றாள் ஃபெரூஜா.

எல்லாருக்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் அவள். மார்க்கைத் திருத்தி எழுதும் மறுதிருத்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

காரோட்டி வெளியே ஹாரன் அடித்தான். பேராசிரியர் மறுதிருத்தத் தாளை இழுத்து, நின்றபடியே, கோட்டுக் கை மேஜையில் உரச, ஏழுக்கு ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறும் ஏழும் பதிமூன்று. "வஸீலாகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார். வாசலில் நின்று திரும்பி, "செப்டம்பர்ல பாப்போம்" என்றும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்துன்னூருக்கும் தெரியும். அவன் சன்னல் வழியாகக் கடலைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஃபெரூஜா தஸ்ஸாதித்தின் தாளை விரித்தாள். பூஜ்யத்தை அடித்தாள். 'கணக்கு எங்கே?' என்பதையும் அடித்தாள். சிவப்பை எவ்வளவு அடித்தாலும் கீழே எழுத்து தெரிந்தது. மனசு கூசியது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையிடமும் சொல்லாததை இப்போது சொல்லியாகவேண்டும் என்று தெரிந்தது.

"மன்னிச்சுக்கோ தஸ்ஸாதித். தப்பு என்னோடது."

தஸ்ஸாதித் மார்க்கைச் சரிபார்த்தாள். கையெழுத்தையும் சரிபார்த்தாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம்?"

"கேளு."

"அன்னிக்கு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினீங்களே. அதுக்கு முன்னாடி நீங்க படிச்சீங்களா?"

"இல்ல" என்றாள் ஃபெரூஜா.

"அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் தஸ்ஸாதித். "கொஞ்ச வரிதான் எழுதியிருந்தேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வெளியே மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. ஃபெரூஜா சுவரில் இருந்த விடைக்குறிப்பைக் கிழித்து எடுத்தாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, சரியான விடையை எழுத உட்கார்ந்தாள். தஸ்ஸாதித் எழுதியதைவிட ஒரு வரிகூட அதிகமாக எழுத அதில் ஒன்றும் இல்லை.